சொந்தக்காரர் காசும் காசுதான்: கடை திறக்குமுன் 20 பார்சல் ஒத்திகை

கேள்வி: ஈரோட்டில் வீட்டிலேயே பருப்புப் பொடி, கறிவேப்பிலைப் பொடி, பூண்டு ஊறுகாய் செய்து ஆன்லைனில் விற்கப் போகிறேன். கையில் 1.5 லட்சம் ரூபாய் சேமிப்பு இருக்கிறது. தீபாவளிக்கு முன் எல்லோருக்கும் அறிவிக்க ஆசை. அதற்கு முன் சொந்தக்காரர்கள், தோழிகளுக்கு மட்டும் விற்றுப் பார்க்கலாமா? அவர்களுக்குப் பாதி விலை போடலாமா? இதற்கு எவ்வளவு ஒதுக்குவது?

பதில்: விற்றுப் பாருங்கள், ஆனால் முழு விலைக்கு. பாதி விலைக்கு வாங்கிய சித்தி, மூடியில் எண்ணெய் கசிந்திருந்தாலும் துடைத்துவிட்டு “அருமையா இருக்கு கண்ணு” என்றுதான் சொல்வார். 490 ரூபாய் கொடுத்தவர் கசிவைப் படம் எடுத்து அனுப்புவார். உங்களுக்கு வேண்டியது அந்தப் படம். தள்ளுபடி கொடுத்தே ஆகவேண்டும் என்றால், குறைகளை எழுதி அனுப்பியவர்களுக்கு அடுத்த ஆர்டரில் கொடுங்கள்.

இந்த ஒத்திகைக்கு 15,000 ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள், மீதியைத் தொடாதீர்கள். ஆயிரம் பவுச்சில் பெயர் அச்சடிப்பது, 500 அட்டைப்பெட்டி மொத்தமாக வாங்குவது எல்லாம் இப்போது வேண்டாம். வெற்றுப் பவுச்சில் ஸ்டிக்கர் ஒட்டினால் போதும். பெட்டியும் இரண்டு அளவில் 25, 25 வாங்குங்கள். எந்தப் பெட்டி சரி என்பதே இன்னும் உங்களுக்குத் தெரியாது. பணம் கரைவதும் பெரும்பாலும் அங்கேதான்.

ஒரு ஆர்டரை எடுத்துக்கொள்வோம். கால் கிலோ பொடி இரண்டு, தலா 150 ரூபாய். 300 கிராம் ஊறுகாய் பாட்டில் ஒன்று, 190 ரூபாய். டெலிவரிக்கு 60 ரூபாய் வாங்குகிறீர்கள். ஆக வரவு 550. சரக்கும் அரவையும் 215, பவுச், பாட்டில், லேபிள் 38, பெட்டி, பபுள் ராப், டேப் 27. பார்சல் ஒரு கிலோதான் என்று நினைத்து கூரியருக்கு 70 போடுகிறீர்கள். காகிதத்தில் 200 ரூபாய் மிச்சம்.

இப்போது பார்சலைத் தராசில் வையுங்கள். கண்ணாடி பாட்டிலும் பெட்டியும் சேர்ந்து 1.2 கிலோ. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5,000-ஆல் வகுத்து வரும் எண்ணையும் பார்க்கின்றன. இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம், அதையும் அரை கிலோ கணக்கில் மேலே ஏற்றிவிடுவார்கள். பெட்டி 30×25×15 என்றால் 2.25 கிலோ வரும், நீங்கள் கட்டுவது 2.5 கிலோவுக்கு. 24×18×12 பெட்டியென்றால் 1.04 கிலோதான். அப்போது உண்மையான எடையே அதிகம் என்பதால் 1.5 கிலோவுக்குக் கட்டினால் போதும். முதல் அரை கிலோ 40 ரூபாய், அடுத்த ஒவ்வொன்றும் 30 ரூபாய் என்று உதாரணத்துக்கு வைத்தால், பெரிய பெட்டிக்கு 160, சின்னதற்கு 100. உள்ளே போவது அதே பொடி, அதே ஊறுகாய்.

ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் கட்டண வாசலுக்கு 2 சதவீதமும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் என்றால் 13 ரூபாய் போகும். இருபதில் ஒரு பார்சல் உடைந்து இலவசமாக மறுபடி அனுப்ப நேர்ந்தால், அந்தச் செலவு ஆர்டருக்குச் சின்னப் பெட்டியில் 19, பெரிய பெட்டியில் 22 ரூபாய் வீதம் எல்லார் தலையிலும் விழும். சின்னப் பெட்டியில் உங்களுக்கு மிஞ்சுவது 138, பெரிய பெட்டியில் வெறும் 75. உங்கள் உழைப்புக்குக் கூலி இன்னும் போடவில்லை. உங்கள் விலையில், உங்கள் கூரியரின் ரசீதில் இந்த எண் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் ஒத்திகை.

20 பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது? பத்துப் பேர் மட்டும் நெருங்கியவர்களாக இருக்கட்டும். மீதிப் பத்து தோழியின் தோழி, அண்ணியின் ஆபீஸ்காரர் என்று ஒரு கை தள்ளி இருக்கட்டும். சென்னை அடுக்குமாடி, ராமநாதபுரம் பக்கத்துக் கிராமம், ஊட்டி மலை முகவரி என்று ஊரும் கலந்திருக்க வேண்டும். சில பின்கோடுகளுக்குக் கூரியர் போவதே இல்லை என்பது அப்போதுதான் தெரியவரும். பெங்களூர் அக்காவை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். வரிக்குரிய சரக்கை வேறு மாநிலத்துக்கு விற்றால், எவ்வளவு சின்ன வியாபாரமானாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் பதிவு எண் இல்லாமல் முதல் பாக்கெட்டே வெளியே போகக்கூடாது. வாங்குவது சொந்தக்காரரானாலும் விற்பனை விற்பனைதான்.

முதல் வாரம் ஐந்து பார்சல் மட்டும். அனுப்புவதற்கு முன் ஒன்றைக் கட்டி, இடுப்பு உயரத்திலிருந்து ஒரு மூலை, மூன்று விளிம்பு, ஆறு பக்கம் என்று பத்து முறை போட்டுப் பாருங்கள். ஊறுகாய் பாட்டிலை ஒரு நாள் முழுக்கக் காகிதத்தின் மேல் தலைகீழாக வையுங்கள். நல்லெண்ணெய் மெல்லிய இடைவெளியிலும் ஊர்ந்து வந்துவிடும். காகிதத்தில் பொட்டு விழுந்தால் மூடிக்குள் உட்சீல் வேண்டும், வெளியே டேப் சுற்றுவதால் பயனில்லை. பொடி கட்டிதட்டியதாகப் புகார் வந்தால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: அரைத்த சூடு ஆறுமுன் சீல் போட்டிருப்பீர்கள், ஆவி உள்ளேயே நீராகியிருக்கும்.

அடுத்த வாரம் மீதிப் பதினைந்து பேரும் ஒரே நாளில் ஆர்டர் போடட்டும். போனில் சொன்னால் எடுத்துக்கொள்ளாதீர்கள், வெளியாள் வரும் வழியிலேயே வரட்டும். ஒருவரை ஆர்டர் போட்டுவிட்டு ரத்து செய்யச் சொல்லுங்கள். திருப்பிக் கொடுக்கும்போது கட்டண வாசல் பிடித்த தொகை பெரும்பாலும் திரும்பாது, விற்ற பணமும் உடனே கணக்குக்கு வராமல் ஓரிரு நாள் தாமதிக்கும். ஒரு பார்சல் கட்ட எத்தனை நிமிடம் ஆகிறது என்று கடிகாரம் பார்த்து எழுதுங்கள். 25 நிமிடம் என்றால் பதினைந்துக்கு ஆறே கால் மணி நேரம், அன்று சமையலறை மூடல்.

பணத்துக்குத் தனி வங்கிக் கணக்கும் தனி யு.பி.ஐ.யும் வையுங்கள். வீட்டுக் கணக்கில் விழுந்தால் பெரியப்பா அனுப்பியது ஊறுகாய்க் காசா, மொய்ப்பணமா என்று நீங்களே குழம்புவீர்கள்.

வாங்கியவர்களிடம் “எப்படி இருந்தது?” என்று கேட்காதீர்கள். வந்து சேர்ந்த நாள், பிரிக்காத பெட்டியின் படம், பாட்டில் மூடியின் படம், இவை மூன்றும் போதும். ருசியைப் பற்றிய தீர்ப்பு, 30 நாளுக்குள் நீங்கள் கேட்காமலே இரண்டாவது முறை எத்தனை பேர் காசு கொடுத்தார்கள் என்பதில் இருக்கிறது.

கடைசிப் பத்துப் பார்சலில் கசிவு இல்லை, கூரியர் ரசீது உங்கள் கணக்கோடு பத்து ரூபாய்க்குள் ஒத்துப்போகிறது என்றால் அறிவித்துவிடலாம். இல்லையென்றால் பெட்டியையோ மூடியையோ மாற்றி இன்னொரு பத்து அனுப்புங்கள். இதையெல்லாம் தீபாவளிக்கு ஆறு வாரம் முன்பே முடித்துவிட வேண்டும். கடைசி இரண்டு வாரத்தில் கூரியர் கிடங்குகள் நிரம்பி வழியும், அப்போது தாமதம் யாரால் என்றே கண்டுபிடிக்க முடியாது.