சாவிக்கொத்தை அரை மணி நேரம் கழற்றி வையுங்கள்

கேள்வி: மகள் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். நடுவில் பண்டிகை வேறு. உறவுக்காரர்கள் ஏழு பேர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். மத்தியானம் படுத்தால் "உடம்புக்கு என்ன?" என்று ஆள் மாற்றி ஆள் கேட்கிறார்கள். ராத்திரியோ தூக்கமே வருவதில்லை. நேற்று மகளிடமே எரிந்து விழுந்துவிட்டேன். என்ன செய்யட்டும்?

பதில்: மகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அது அதோடு போகும். எனக்கு அந்த மத்தியானம்தான் கவலையாக இருக்கிறது.

வேலையை யாராவது பங்கு போட்டுக்கொள்வார்கள். கேள்விகள்தான் உங்களை விடாது. என் தங்கை கல்யாணத்தின்போது கதவைச் சாத்திவிட்டுப் படுத்தேன். இருபது நிமிடத்தில் ஐந்து முறை கதவு திறந்தது. துண்டு எங்கே, டிரைவர் நம்பர் என்ன, மாடி அறைச் சாவி யாரிடம்? வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது, பதில் என் ஒருத்தியிடம்தானே இருந்தது! மறுநாள் அத்தனையையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். சாவிகளை ஆணியில் மாட்டினேன். போனைச் சித்தி மகளிடம் கொடுத்து, "இரண்டரை வரைக்கும் நீதான் நான்" என்றேன். அன்றைக்கு ஒரே ஒருவர்தான் வந்தார், நான் தூங்கிவிட்டேனா என்று பார்க்க.

நீங்களும் "கொஞ்சம் படுக்கிறேன்" என்று சொல்லாதீர்கள். "இரண்டரைக்கு எழுந்துவிடுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். எப்போது எழுவீர்கள் என்று தெரிந்தால் காத்திருப்பார்கள்.

இருபது நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அரை மணியைத் தாண்டினால் ஆழ்ந்த தூக்கத்தில் இறங்கிவிடுவோம், எழுந்ததும் தலை கனக்கும், படுத்ததே தப்போ என்று தோன்றும். மூன்று மணிக்கு மேல் படுத்தால் ராத்திரித் தூக்கம் கெடும். தூக்கம் வராவிட்டாலும் சரி, இரண்டு தலையணைமேல் காலைத் தூக்கி வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுக்க நின்று வீங்கிய பாதம் கொஞ்சம் வடியும்.

ராத்திரிக்கு ஒரு நோட்டுப் போதும். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 பேரை வைத்துப் பார்த்தார்கள். படுக்குமுன் 5 நிமிடம், இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிடச் சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். அதிலும் விவரமாக எழுத எழுதச் சீக்கிரம் தூக்கம் வந்தது. ஆகவே "மண்டபம்" என்று ஒற்றை வார்த்தை எழுதினால் போதாது. "காலை பத்துக்கு மண்டபத்துக்கு போன், நாற்காலி எத்தனை" என்று எழுதுங்கள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் இதெல்லாம் நடக்காது. அன்றைக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதற்கும் உங்கள் போனை வாங்கிப் பதில் சொல்ல ஓர் ஆளை இப்போதே பிடித்து வையுங்கள். அப்புறம், வந்தவர்கள் எல்லோரும் கிளம்பி இரண்டு வாரம் ஆன பிறகும் தூக்கம் வரவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள், அது கல்யாண அலைச்சலாக மட்டும் இருக்காது.