மகனுக்கு: கடன் பணத்தில் டிரேடிங் பற்றி

"அப்பா, லீட்ஸ்ல வேலை, வீடு எல்லாம் செட் ஆகிடுச்சு. பேங்க்ல 10,000 பவுண்ட் பெர்சனல் லோன் தர்றாங்களாம். அம்மாவும் எஃப்டியை உடைச்சு 10 லட்சம் அனுப்பறேன்னு சொல்றாங்க. தங்கத்துல சிஎஃப்டி டிரேட், அதாவது தங்கத்தை வாங்காமலேயே அதோட விலை ஏற்ற இறக்கத்துல பணம் போடறது, பண்ணலாம்னு இருக்கேன். இந்த ஊர் சட்டப்படி அக்கவுண்ட் ஜீரோவுக்குக் கீழ போகாதாம். அப்போ பெரிசா பயமில்லைதானே? நீங்க இங்க இத்தனை வருஷமா இருக்கீங்க, என்ன சொல்றீங்க?"

அன்பு மகனுக்கு,

நீ கேட்டது உண்மைதான். பிரிட்டனில் சில்லறை வாடிக்கையாளரின் சிஎஃப்டி கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போனால் அந்த மிச்சத்தை புரோக்கர் உன்னிடம் கேட்க முடியாது. 2019 முதல் இது இங்கே நிரந்தர விதி. ஆனால் அந்தப் பாதுகாப்பு உனக்கும் புரோக்கருக்கும் நடுவில் மட்டும்தான். வங்கிக்கு அதில் சம்பந்தமில்லை. கணக்கில் ஒரு பவுண்ட்கூட மிஞ்சாவிட்டாலும் 10,000 கடன் அப்படியே நிற்கும். 10 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதம் 210 பவுண்ட், மொத்தம் 12,600. சொந்தப் பணம் போட்டவனுக்குப் பூஜ்யம் என்பது பூஜ்யம். உனக்கு அது மைனஸ் 12,600.

அடுத்தது லீவரேஜ், கையில் இருப்பதைவிடப் பல மடங்கு மதிப்புக்குப் பிடிப்பது. தங்கத்துக்கு இங்கே அனுமதி இருபது மடங்கு, அதாவது வாங்கும் மதிப்பில் 5 சதவீதம் மார்ஜின் என்ற ஈட்டுப் பணமாக இருந்தால் போதும். 10,000 போட்டு 2 லட்சம் பவுண்ட் தங்கத்தைப் பிடிக்கலாம். நீ அவ்வளவு அவசரப்படுபவன் இல்லை என்று எனக்குத் தெரியும். பாதி மட்டும், 1 லட்சத்துக்கு மட்டும் பிடிக்கிறாய் என்றே வைத்துக்கொள்வோம். அதற்கு மார்ஜின் 5,000. உன் கணக்கில் மிஞ்சியிருப்பது அந்த மார்ஜினில் பாதிக்கு, சுமார் 2,500-க்கு இறங்கினால், புரோக்கர் உன்னைக் கேட்காமலேயே விற்று மூட வேண்டும். அதுவும் விதிதான். ஆக, தங்கம் ஏறத்தாழ ஏழரை சதவீதம் இறங்கினால் உன் ஆட்டம் முடிந்தது.

இதை 2020 மார்ச்சில் பொருத்திப் பார். டாலர்-பவுண்ட் மாற்றத்தை இப்போதைக்கு விட்டுவிடு. கொரோனா பயத்தில் அந்த மாதத் தொடக்கத்தில் ஒரு அவுன்ஸ் 1,700 டாலர் வரை ஏறியது. தங்கம் ஏறும் என்று அன்று நினைத்தவன் தவறாக நினைக்கவில்லை, ஆகஸ்டில் முதல்முறையாக 2,000-ஐத் தாண்டியது. ஆனால் நடுவில், அடுத்த ஒரு வாரத்துக்குள், அது 1,500-க்குக் கீழே விழுந்து எழுந்தது. எல்லோருக்கும் ஒரே நேரத்தில் ரொக்கம் தேவைப்பட்டதால் தங்கத்தையும் விற்றார்கள். உன் கணக்கு 1,570 டாலர் அருகில் மூடப்பட்டிருக்கும், 7,500 பவுண்ட் போயிருக்கும். கணிப்பு சரியாக இருந்தும் பணம் போயிருக்கும். சொந்தப் பணத்தில் லீவரேஜ் இல்லாமல் வாங்கியவன் அந்த வாரம் தூக்கம் கெட்டிருப்பான், அவ்வளவுதான். ஆகஸ்டில் அவன் லாபத்தில் இருந்தான். லீவரேஜ் எடுத்தவனுக்குக் காத்திருக்கும் உரிமை கிடையாது. நான் உன்னிடம் சொல்ல நினைப்பதில் இதுதான் முக்கியம்.

இங்கேதான் அம்மாவின் பணம் உள்ளே வருகிறது. நீ முதல் நாளே அதைப் போடமாட்டாய், "பேக்அப்" என்று வைத்திருப்பாய். கணக்கு மூடப்படும் நிலைக்கு வரும்போது புரோக்கரிடமிருந்து எச்சரிக்கை வரும். இன்னும் கொஞ்சம் போட்டால் பொசிஷனைக் காப்பாற்றலாம் என்று தோன்றும். அந்த நேரத்தில் அம்மாவின் 10 லட்சத்தை, சுமார் 8,000 பவுண்டை, உள்ளே தள்ளாமல் கையைக் கட்டிக்கொண்டு இருப்பது மிகக் கடினம். 2020-இல் அப்படிப் போட்டிருந்தால் மயிரிழையில் தப்பியிருப்பாய், இதை நான் மறைக்கவில்லை. ஆனால் 2013 ஏப்ரலைப் பார். 1,560-இல் இருந்த தங்கம் இரண்டே வர்த்தக நாளில் 1,350 பக்கம் வந்தது. அம்மாவின் பணத்தைப் போட்டு அதையும் தாங்கியிருப்பாய். ஜூன் கடைசியில் அது 1,200-க்கும் கீழே போனது. போகிற வழியிலேயே உன் கணக்கு மூடப்பட்டு, மொத்த 18,000-இல் இரண்டாயிரம் சொச்சம் மிஞ்சியிருக்கும். தங்கம் மறுபடி 1,560-ஐப் பார்த்தது 2020-இல். விழுந்துகொண்டிருக்கும் அன்று அது 2013 மாதிரியா, 2020 மாதிரியா என்று யாராலும் சொல்ல முடியாது.

அது எந்தப் பணம் என்பதும் உனக்குத் தெரிய வேண்டும். அந்த எஃப்டி வட்டி 7 சதவீதம் என்றால் மாதம் கிட்டத்தட்ட 5,800 ரூபாய். பாட்டியைப் பார்த்துக்கொள்ள வருகிற பெண்ணின் சம்பளத்தில் பெரும்பகுதி அதிலிருந்துதான் போகிறது. அம்மா உன்னிடம் இதைச் சொல்லியிருக்கமாட்டாள். நீ கேட்டால் அவள் இல்லை என்று சொன்னதே கிடையாது. அதனால்தான் கேட்கும்போது நீ யோசிக்க வேண்டியிருக்கிறது, கண்ணா.

இதில் சட்டச் சிக்கலும் உண்டு. இந்தியாவிலிருந்து ரிசர்வ் வங்கியின் எல்ஆர்எஸ் திட்டத்தில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பலாம், ஆனால் வெளிநாட்டு மார்ஜின் டிரேடிங்குக்கு அனுப்ப அனுமதி இல்லை. அம்மா வங்கியில் கையெழுத்துப் போடும் படிவத்தில் எதற்கு என்று எழுத வேண்டும். மகனின் செலவுக்கு என்று எழுதி மார்ஜினில் போட்டால் பொய்யான காரணம் அவள் பெயரில் பதிவாகும். இங்கே பெர்சனல் லோனிலும் அதே கதைதான். பல வங்கிகள் முதலீட்டுக்காகக் கடன் தருவதில்லை, விண்ணப்பத்திலேயே நோக்கத்தைக் கேட்பார்கள். "வீட்டுச் சாமான்" என்று தட்டிவிடாதே.

உன் விசாவையும் சேர்த்துக் கணக்குப் போடு. ஸ்கில்டு வொர்க்கர் விசாவில் வேலை போனால் பொதுவாக 60 நாள்தான், அதற்குள் வேறு ஸ்பான்சர் கிடைக்க வேண்டும் அல்லது கிளம்ப வேண்டும். தவணை அதற்காக நிற்காது. கட்டாமல் விட்டுக் கணக்கு டிஃபால்ட் ஆனால் ஆறு வருடம் உன் கிரெடிட் ரிப்போர்ட்டில் இருக்கும். பின்னால் வீட்டுக் கடன் கேட்டுப் போகும்போது முதலில் பார்ப்பது அதைத்தான்.

ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு 2018-இல் இந்த வரம்புகளைக் கொண்டுவந்தபோது, சில்லறை சிஎஃப்டி கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டத்தில் இருப்பதாகச் சொன்னது. நீ பார்க்கும் புரோக்கரும் தன் சதவீதத்தைத் தன் தளத்திலேயே போட்டாக வேண்டும். பெரிய எழுத்தில் இருக்கும், படி. பொசிஷனை இரவு தாண்டி வைத்திருந்தால் வட்டி தனி, அதுவும் நீ போட்ட 10,000-க்கு அல்ல, பிடித்திருக்கும் முழு 1 லட்சத்துக்கு. வருடத்துக்கு 6 சதவீதம் என்று எடுத்தால் ஒரு நாளைக்கு 16 பவுண்ட். தங்கம் அசையாமல் நின்றாலும் மாதம் ஐந்நூறு போய்விடும்.

தங்கம் வேண்டுமென்றால் வாங்கு, நான் தடுக்கவில்லை. முதலில் மூன்று மாத வாடகையும் ஊருக்குப் போகும் டிக்கெட் காசும் தனியாக இருக்கட்டும். அப்புறம் சம்பளத்தில் மிஞ்சுவதில் மாதம் நூறோ இருநூறோ, ஸ்டாக்ஸ் அண்ட் ஷேர்ஸ் ஐசா என்ற முதலீட்டுக் கணக்குக்குள் தங்க ஃபண்ட் ஒன்றில் போடு. லாபத்துக்கு வரி இல்லை, எவ்வளவு விழுந்தாலும் யாரும் உன்னைக் கேட்காமல் விற்க முடியாது. டிரேடிங் கற்றுக்கொள்ளத்தான் ஆசை என்றால் டெமோ கணக்கில் ஆறு மாதம் செய்து, ஒவ்வொன்றையும் எழுதி வை. எனக்கும் காட்டு, நானும் பார்க்கிறேன்.

அம்மாவிடம் எஃப்டியை உடைக்க வேண்டாம் என்று இன்றே நான் பேசிவிடுகிறேன், நீ சங்கடப்படாதே.

ஒருவேளை லோனில் ஏற்கனவே கையெழுத்துப் போட்டிருந்தால் உடனே சொல். இங்கே இப்படிப்பட்ட கடனிலிருந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலேயே விலகிக்கொள்ளலாம். வங்கிக்குத் தகவல் கொடுத்து, அடுத்த 30 நாளுக்குள் அசலையும் அந்தச் சில நாள் வட்டியையும் திருப்பினால் போதும். ஒப்பந்தத்தில் தேதி எங்கே இருக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கத்தை எனக்கு அனுப்பு. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் கூப்பிடுகிறேன்.

அப்பா