பிரெட்போர்டு சிப்பில் அப்லோடு ஏறவில்லை, ஏன்?

"ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய யுஎஸ்பி சீரியல் அடாப்டர், பிரெட்போர்டில் தனி ஏடிமெகா328பி. அப்லோடு செய்தால் இதுதான் வருகிறது:"

```
stk500_getsync() attempt 10 of 10: not in sync: resp=0x00
```

பெரும்பாலும் ரீசெட்தான் காரணம். சிப்பினுள் புரோகிராமை ஏற்றிக்கொள்ளும் பூட்லோடர், ரீசெட் ஆனதும் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருக்கும். ஆர்டுயினோ யூனோ போர்டில் அந்த ரீசெட் தானாக நடக்கும். வெறும் சிப்பில் நீங்கள்தான் அமைக்க வேண்டும். அடாப்டரின் டிடிஆர் முனையை 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வழியாகச் சிப்பின் 1ஆம் காலுக்குக் கொடுங்கள். அதே காலிலிருந்து 5 வோல்ட்டுக்கு ஒரு 10கே ரெசிஸ்டர். கெப்பாசிட்டர் இல்லாமல் நேரடியாக இணைத்தால், போர்ட் திறந்திருக்கும்வரை சிப் ரீசெட்டிலேயே கிடக்கும்.

கெப்பாசிட்டர் கையில் இல்லையா? 1ஆம் காலைக் கிரவுண்டில் தொட்டுப் பிடித்து, "Uploading" வந்ததும் விடுங்கள். நேரம் பிடிபட இரண்டு மூன்று தடவை ஆகலாம். இப்படி ஏறினால் குறை டிடிஆர் பாதையில்தான்.

அப்படியும் ஏறவில்லையென்றால் ஒயரைப் பாருங்கள்: அடாப்டரின் டிஎக்ஸ் 2ஆம் காலுக்கு, ஆர்எக்ஸ் 3ஆம் காலுக்கு, கிரவுண்டு இரண்டுக்கும் பொது. சந்தேகமிருந்தால் சிப்பைக் கழற்றி, அடாப்டரின் டிஎக்ஸையும் ஆர்எக்ஸையும் ஒன்றாக இணைத்து சீரியல் மானிட்டரில் ஏதாவது அனுப்புங்கள். அனுப்பியது அப்படியே திரும்பி வந்தால் அடாப்டர் நல்லது.

பிறகு 19ஆம் காலில் 1கே ரெசிஸ்டரோடு எல்இடி வைத்து ரீசெட் செய்யுங்கள். ஆப்டிபூட் பூட்லோடர் இருந்தால் அது சட்டென்று சில முறை மினுக்கும். மினுக்காவிட்டால் அநேகமாகப் புதுச் சிப், உள்ளே பூட்லோடரே இல்லை. கிரிஸ்டலையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஐஎஸ்பி புரோகிராமரால் பூட்லோடரை எரியுங்கள். சீரியல் வழியாக அது முடியாது.