பைபாஸுக்குப் பிறகு மாத்திரையை நம்பலாமா?

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறேன், வயது 29. எடை குறைக்க சேலத்தில் பைபாஸ் ஆபரேஷன் செய்து ஐந்து மாதமாகிறது. 22 கிலோ குறைந்துவிட்டது. நீர்க்கட்டியால் வராமலிருந்த மாதவிடாய் இப்போது மாதாமாதம் வருகிறது, ஆனால் அதிகம் போகிறது. ரத்தமும் குறைவு என்றார்கள். குழந்தை இப்போது வேண்டாம் என்று இந்த மாதம் கருத்தடை மாத்திரை தொடங்கியிருக்கிறேன். இது போதுமா டாக்டர்?

பதில்: போதாதம்மா. பைபாஸில் இரைப்பையின் மேல்பகுதியைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலில் சற்றுக் கீழே இணைத்துவிடுவார்கள். விழுங்குவது எதுவும் சிறுகுடலின் ஆரம்பப் பகுதி வழியாகப் போகாது. மாத்திரையின் ஹார்மோன் ரத்தத்தில் சேருவதோ பெரும்பாலும் சிறுகுடலின் மேல்பகுதியில்தான். உங்களுக்கு எவ்வளவு சேர்கிறது என்று பார்க்க வழக்கமான பரிசோதனை கிடையாது. அதனால்தான் பைபாஸ் செய்தவர்களுக்கு மாத்திரையை நாங்கள் விரும்புவதில்லை. இரைப்பையை மட்டும் வெட்டிச் சிறிதாக்கும் ஸ்லீவ் ஆபரேஷன் என்றால் குடல் பாதை மாறாது, அங்கே இந்தக் கவலை குறைவு. டிஸ்சார்ஜ் சம்மரியில் எது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வாந்தி இன்னொரு தொல்லை. மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் அதைக் கணக்கில் எடுக்க முடியாது. உங்கள் ஊர்ப் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு வேறு!

மாதவிடாய் சீரானது, கருமுட்டை மறுபடி வெளியாகிறது என்பதற்கான அடையாளம். முன்பு தானாகத் தரிக்காமல் இருந்திருக்கலாம், இனி அப்படி நினைக்காதீர்கள். எடை வேகமாகக் குறையும் காலத்தில் தாய்க்கே இரும்பும் வைட்டமினும் பற்றாது. ஆகவே ஆபரேஷனிலிருந்து ஒன்று முதல் ஒன்றரை வருடமாவது தள்ளிப்போடச் சொல்கிறோம்.

உங்களுக்கு நான் முதலில் சொல்வது கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் காயில் என்ற சின்னச் சாதனம். கருப்பைக்குள்ளேயே மருந்தை விடுவதால் குடலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உதிரப்போக்கும் குறையும், ரத்தக்குறைவுக்கு அது பெரிய உதவி. முதல் சில மாதம் விட்டுவிட்டுச் சொட்டும், பயப்பட வேண்டாம். காப்பர்-டி அரசு மருத்துவமனையில் இலவசம், கருத்தடைக்கு அதுவும் நல்லதுதான். ஆனால் போக்கை அதிகமாக்கும் என்பதால் உங்களுக்கு இரண்டாம்பட்சம். மூன்று மாத ஊசியும் குடலைச் சாராது. எலும்பின் அடர்த்தியைக் கொஞ்சம் குறைக்கும் என்பதுதான் குறை. பைபாஸுக்குப் பிறகு கால்சியமும் சரியாகச் சேராதே, அதனால் யோசிக்கிறேன்.

காயில் போடும் முன் கர்ப்பப் பரிசோதனையும் ஒரு ஸ்கேனும் அவசியம். பல மாதம் மாதவிடாய் வராதிருந்தால் கருப்பையின் உள்தோல் தடித்திருக்கலாம், அதிகம் போவதற்கு அதுவே காரணமாகவும் இருக்கலாம். சரியாக இருந்தால் மாதவிடாய் தொடங்கிய ஏழு நாளுக்குள் போட்டால் அன்றிலிருந்தே பாதுகாப்பு. அதுவரை மாத்திரையை விட வேண்டாம், கணவர் காண்டமும் பயன்படுத்தட்டும்.

இடையில் ஏதாவது தவறிவிட்டால் மெடிக்கலில் அவசர மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அதுவும் அதே குடல் வழியாகத்தான் சேர வேண்டும். ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட்டுக்கொள்வதே உறுதியான வழி.