புதன்கிழமைய கழிச்சுட்டு வகுத்தியா?

கேள்வி: அக்கா, எக்ஸாமுக்கு 70 நாள் இருக்கு. கொஸ்டின் பேங்க்ல இன்னும் 2220 கேள்வி பாக்கி. வகுத்தா நாளைக்கு 32 வருது, ஆனா ரெண்டு வாரமா எட்டவே முடியல, விட்டதெல்லாம் மறுநாள் தலைல ஏறுது. தினம் 3 மணி நேரம் உக்கார்றேன், ஒரு கேள்விக்கு 2 நிமிஷம் ஆகும், மூணுல ஒண்ணு தப்பாகுது, அதுக்கு ஸ்டார் போட்டு வெச்சிருக்கேன், கடைசில பாத்துக்கலாம்னு. புதன்கிழமை மட்டும் தாத்தாவ பிசியோதெரபிக்கு கூட்டிட்டுப் போறதுல அந்த நாள் வேஸ்ட் ஆகுது, தங்கச்சிய அனுப்பலாமான்னு வீட்ல கேட்டுருக்கேன். டார்கெட்ட 40 ஆக்கிடவா?

பதில்: தம்பி, 40 இருக்கட்டும், மொதல்ல அந்த "வேஸ்ட்"டுக்கு வா. உன் கடுதாசில நீ போறபோக்குல சொன்ன அந்த ஒரு வரிலதான் எல்லாம் இருக்கு. தாத்தாவ கூட்டிட்டுப் போறது உனக்கு முன்கூட்டியே தெரிஞ்ச வேலை, வாராவாரம் வர்ற வேலை, அத கணக்குல சேக்காம 70 ஆல வகுத்தது நீ. வகுத்தது தப்பு, பழி மட்டும் தாத்தா மேல. தங்கச்சிக்கு படிப்பு கிடையாதா, இல்ல அவ நேரம் உன் நேரத்தவிட சல்லிசா? வீட்ல கேட்டத வாபஸ் வாங்கு, அப்புறம் பேசலாம்.

இப்ப நாளை எண்ணு. 70 நாள்னா 10 வாரம். கடைசி வாரம் புது கேள்வி வேண்டாம், மாடல் டெஸ்டும் ரிவிஷனும் மட்டும். மிச்சம் 9 வாரம். வாரத்துல புதன் போச்சு, ஞாயிற்றுக்கிழமைய விட்டதப் பிடிக்கன்னு காலியா வை, அப்ப புது கேள்வி போட வாரத்துக்கு 5 நாள்தான், மொத்தம் 45 நாள். 2220ஐ 45 ஆல வகுத்தா 49 தாண்டுது. மலைக்காத, இன்னொரு பக்கம் பாக்கணும்.

3 மணி நேரத்துல நெசமா எத்தன முடியும்? நீ 2 நிமிஷம்னு சொல்றது போடற நேரம் மட்டும்பா. தப்பான கேள்விய எங்க சறுக்குனோம்னு பாத்து திரும்ப போட்டுப் பாக்க ஒரு 6 நிமிஷம் ஆகும்னு வெச்சுக்கோ, வாட்ச வெச்சு நீயே அளந்துக்கோ. மூணு கேள்வி போட 6 நிமிஷம், அதுல தப்பான ஒண்ணுக்கு இன்னொரு 6, ஆக மொத்தம் 12, கேள்விக்கு 4 நிமிஷம். 180 நிமிஷத்துல 30 நிமிஷத்த பழைய ஸ்டார் கேள்விகள விடைய பாக்காம மறுபடி போட ஒதுக்கிடு. மீதி 150, நாலால வகுத்தா 37. 45 நாளைக்கு 1665. அவ்ளோதான் உன்னால முடியும், 555 கேள்வி வெளிய நிக்குது.

அந்த 555ஐ நிம்மதியா விடு. 2220ங்கறது புத்தகம் போட்டவங்க வெச்ச நம்பர், உனக்குத் தேவையான நம்பர் இல்ல. 60 கேள்வி இருக்கற ஒரு பாடத்த எடுத்து அங்கங்க கலந்து 15 போடு, 13 சரியா வந்துச்சுன்னா மிச்சம் 45ஐ தாண்டிப் போ, 8, 9 தான் வருதுன்னா எல்லாத்தையும் போடு. இப்படி 12 பாடத்துல 45 கழிஞ்சாலே 540 போயிடும். பழைய எக்ஸாம் பேப்பர் கேள்விகள மட்டும் விட்றாத.

ஸ்டார் போட்டு கடைசில பாக்கறேன்ங்கறது சோம்பேறித்தனம், கோச்சுக்காத. நாளைக்கு 12 ஸ்டார் சேந்தா 45 நாள்ல 540, அத கடைசி வாரத்துல எப்படிப் பாப்ப? எந்த கேள்வில ஏன் தப்பு பண்ணுனோம்னே அதுக்குள்ள மறந்துருக்கும். எண்ணிக்கைய எட்டணும்னே ராத்திரி லேசான கேள்வியா பொறுக்கிப் போட ஆரம்பிச்சாலும் சரி, ஸ்டார் லிஸ்ட் கொறையாம ஏறிட்டே போனாலும் சரி, கணக்கு கெட்டுப்போச்சுன்னு புரிஞ்சுக்கோ.

விட்டத மறுநாள்ல ஏத்தாத. 37ல 25ஐ விட்டா மறுநாள் 62 ஆகும், அதயும் விடுவ. ஞாயித்துக்கிழமை முடி. ஞாயிறும் முடியலன்னா அன்னிக்கு ராத்திரி மிச்ச கேள்விய மிச்ச நாளால வகு: மொத வாரத்துல 185க்கு 160தான் ஆச்சுன்னா 1505ஐ 40 ஆல வகுக்கணும், 38 வரும். ஒரே ஒரு கேள்விதான் கூடுது, அதுக்கா இவ்ளோ டென்ஷன்?

புதன்கிழமை அங்க புத்தகத்த விரிச்சு வெச்சுக்கிட்டு உக்காராத, தாத்தாவுக்கு அந்த எக்சர்சைஸ் எப்படின்னு கேட்டு வீட்ல செய்ய வை. வகுத்து வர்ற நம்பர் 40ஐ தாண்டுச்சுன்னா கேள்விய வெட்டு, அந்த நாள்ல கை வைக்காத.