வயது அட்டவணையில் நடு ஆளைத் தேடுவது: கேள்வி பதில்

சிதம்பரம், முதுகலை மாணவி: அய்யா, 2011 சென்சஸில் கடலூர் மாவட்டத்துக்கு ஐந்தைந்து வயதாகப் பிரித்த அட்டவணை எடுத்துவிட்டேன். அதிலிருந்து இடைநிலை வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோரையும் வயதுப்படி வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்பவரின் வயதுதான் இடைநிலை. நீங்கள் எடுத்தது C-14 அட்டவணை. மேலே ‘எல்லா வயதும்’ என்று ஒரு வரி, பிறகு 0-4, 5-9 என்று 75-79 வரை, அப்புறம் 80-க்கு மேல், கடைசியில் வயது சொல்லாதவர்கள். முதலில் இரண்டு வரிகளை ஒதுக்குங்கள். ‘எல்லா வயதும்’ வரியையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டே வந்தால் கடைசியில் மக்கள்தொகை இரண்டு மடங்காக வந்து நிற்கும். நம் மாவட்டத்துக்கு 26,05,914 என்பதை நினைவில் வைத்திருந்தால் அந்தத் தப்பு உடனே தெரிந்துவிடும். வயது சொல்லாதவர்களை வரிசையில் எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அவர்களைக் கழித்துவிட்டு மிச்சப் பேரில் பாதியைத் தேடுங்கள்.

வழிமுறை புரிவதற்காக 1000 பேர் உள்ள ஓர் ஊரை நானே அமைத்துக்கொள்கிறேன். இது மாவட்டத்தின் எண் அல்ல, ஆய்வேட்டில் போட்டுவிடாதீர்கள். 0-4-இல் தொடங்கி வரிசையாக 78, 82, 88, 90, 92, 90, 80, 78, 68, 60, 50, 42, 38, 26, 18, 10, கடைசியாக 80-க்கு மேல் 8 பேர். இருவர் வயது சொல்லவில்லை. ஆக, கணக்கில் நிற்பவர்கள் 998 பேர், பாதி 499.

மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். 20-24 முடியும்போது 430. அடுத்த குழுவையும் சேர்த்தால் 520. அப்படியானால் நடு ஆள் 25-29 குழுவுக்குள் இருக்கிறார். அந்தக் குழுவின் 90 பேரில் 69 பேரைத் தாண்டினால் அவரைத் தொட்டுவிடலாம். 90 பேரும் ஐந்து வருடத்தில் சீராகப் பரவியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொண்டால்:

```
=25+(998/2-430)/90*5
```

28.83 வரும். விரிதாளில் ஒட்டும்போது 5-9 என்ற குழுப் பெயர் தேதியாக மாறிப்போவது உண்டு. அந்தப் பத்தியை முன்கூட்டியே எழுத்து வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

பண்ருட்டி, கணக்கு ஆசிரியர்: சார், 25-29 போன்ற பிரிவு வந்தால் 24.5-29.5 என்று திருத்திவிட்டுத்தான் சூத்திரத்தில் போட வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். நீங்கள் 25 என்றே போட்டிருக்கிறீர்களே?

திருத்த வேண்டும் என்பது சரி சார், 29-க்கும் 30-க்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. எந்தப் பக்கம் திருத்துவது என்பதில்தான் வயது மற்ற அளவுகளிலிருந்து மாறுகிறது. மதிப்பெண், எடை போன்றவற்றைக் கிட்டத்தட்ட முழு எண்ணாக்குகிறோம். 24.6 கிலோ 25 ஆகிவிடும், ஆகவே 24.5 பொருந்தும். சென்சஸில் கேட்பது முடிந்த வயது. 29 வருடம் 11 மாதம் ஆனவரும் 29 என்றுதான் பதிவாவார். 24 வருடம் 7 மாதம் ஆனவர் 25-29 குழுவுக்குள் வரவே மாட்டார். அதனால் அந்தக் குழு 25-இல் தொடங்கி 30-ஐத் தொடும் வரை நீள்கிறது.

24.5 போட்டால் 28.33 வரும். சரியாக அரை வருடம் குறையும். இரண்டு பேர் ஒரே அட்டவணையை வைத்துப் போட்ட விடைகளுக்குள் அச்சாக 0.5 வித்தியாசம் இருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

நெய்வேலி: அண்ணே, சராசரி வயசு முப்பது, முப்பத்தொண்ணுன்னு பேசிக்கிறாங்க. அவ்வளவு சீக்கிரமா நம்ம ஜனங்க போய்ச் சேர்றாங்க? எங்க அப்பாவுக்கே 78 ஆகுது.

இல்லை தம்பி, நீங்கள் நினைப்பது சராசரி ஆயுள். அது இறப்புக் கணக்கிலிருந்து வருவது. இங்கே பேசுவது, குறிப்பிட்ட ஒரு நாளில் உயிரோடு இருக்கிறவர்களை வரிசையில் நிற்க வைத்துப் பார்ப்பது. 2011-க்கு அந்த நாள் மார்ச் 1. உங்கள் அப்பாவும் அந்த வரிசையில் நிற்கிறார், நேற்றுப் பிறந்த குழந்தையும் நிற்கிறது. குழந்தைகள் நிறைய இருந்தால் நடு ஆளின் வயது இறங்கும். அதனால் யார் ஆயுளும் குறைந்துவிடாது.

விருத்தாசலம்: அய்யா, அதே அட்டவணையில் சராசரி வயது போட்டால் இடைநிலையை விட இரண்டு வருடத்துக்கு மேல் கூடுதலாக வருகிறது. நான் எங்கேயோ தப்புப் பண்ணுகிறேனா?

தப்பு இல்லை, அப்படித்தான் வரும். என் 1000 பேர் கணக்கில் ஒவ்வொரு குழுவின் நடுவையும் 2.5, 7.5, 12.5 என்று எடுத்துத் தலைகளின் எண்ணிக்கையால் பெருக்கி, 80-க்கு மேற்பட்டவர்களுக்கு 85 என்று வைத்தால், மொத்தம் 31,225. அதை 998-ஆல் வகுத்தால் 31.29. இடைநிலையை விட ஏறக்குறைய இரண்டரை வருடம் அதிகம்.

காரணம் வரிசையின் நீளத்தில் இருக்கிறது. நடு ஆளுக்குக் கீழே இருப்பவர்கள் அதிகபட்சம் 29 வருடம்தான் விலக முடியும், பூச்சியத்துக்குக் கீழே வயது கிடையாது. மேலே இருப்பவர் 50, 60 வருடம்கூட விலகி நிற்கலாம். சராசரி அந்தத் தூரத்தையெல்லாம் கணக்கில் சேர்க்கும். இடைநிலை எத்தனை பேர் எந்தப் பக்கம் என்று மட்டும் எண்ணும். அந்த எட்டுப் பெரியவர்களுக்கும் 85-க்குப் பதில் 100 என்று வைத்துப் பாருங்கள். சராசரி 0.12 வருடம் ஏறும், 28.83 அசையாது.

இதைவிடப் பெரிய ஆபத்து, கடைசிக் குழு 60-க்கு மேல் என்றே முடிந்துவிடும் சுருக்க அட்டவணை. என் கணக்கில் அதில் 100 பேர். அதையும் ஐந்து வருடக் குழு என்று நினைத்து 62.5 போட்டால் சராசரி 30.65. ஒருவர் உத்தேசமாக 75 போட்டால் 31.90. ஒரே ஊர், ஒன்றேகால் வருடம் வித்தியாசம், அதுவும் நாம் யூகித்த ஒரே எண்ணால். மாவட்டங்களை ஒப்பிட நான் இடைநிலையை எடுப்பது இதனால்தான். சராசரியே வேண்டுமென்றால் கடைசிக் குழுவுக்கு என்ன வயது வைத்தீர்கள் என்று பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

குறிஞ்சிப்பாடி: எங்கள் பக்கம் பாதிப் பேர் வயதை முப்பது, நாற்பது, அறுபது என்று முழுசாகத்தான் சொல்வார்கள். அப்படியிருக்க 28.83 என்று இரண்டு புள்ளி வரை போவது நியாயமா?

நியாயமில்லை. 2011 பிப்ரவரியில் கணக்கெடுத்தபோது உங்கள் பக்கத்து ஊரில் ஒரு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். வயது கேட்டதற்கு, "அறுபது போட்டுக்கோ சாமி" என்றார் ஒரு பாட்டி. மகன் உள்ளேயிருந்து, "எழுபது இருக்கும் சார்" என்றார். அண்ணா காலமானபோது நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டேன். அப்போது ரெண்டாவது புள்ளை கைக்குழந்தை, தனக்கு இருபத்திரண்டு என்று மாமியார் சொல்வார் என்றார். அது 1969, எனவே 64 என்று எழுதினேன். எல்லா வீட்டிலும் இப்படி உட்கார நேரம் கிடைக்காது.

இந்தக் குவியலை C-13-இல், ஒவ்வொரு வயதாகப் பிரித்த அட்டவணையில், கண்ணாலேயே பார்க்கலாம். 25, 30, 35 எல்லாம் பக்கத்து வயதுகளை விட எகிறி நிற்கும். என் கணக்கில் 25-29 குழுவின் 90 பேர் சீராகப் பரவாமல் 26, 16, 15, 18, 15 என்று இருந்தால், 27 முடியும்போதே 487 பேர் ஆகிவிடும். நடு ஆள் 28 வயதுக்காரர்களில் 12-ஆம் இடத்தில் இருப்பார், 28.67. முன்பு 28.83. ஆகவே முதல் புள்ளியோடு நிறுத்துங்கள், அதைக்கூடக் கொஞ்சம் சந்தேகத்தோடு வையுங்கள்.

ஒன்றை C-13-ஆலும் சரிசெய்ய முடியாது. உண்மையில் 29 ஆனவர் 30 என்று சொல்லி அடுத்த குழுவுக்கே போய்விட்டால் அவரைத் திருப்பிக் கொண்டுவர அட்டவணையில் வழியில்லை. வயதுகளைச் சமன்செய்யும் முறைகள் உண்டு. ஆனால் ஆளுக்கொரு முறையைப் பயன்படுத்துவதால் விடையும் ஆளுக்கொன்றாக வருகிறது. என்னுடன் வேலை பார்த்தவர்களுக்குள்ளேயே இதில் ஒருமித்த கருத்து இருந்ததில்லை.

லாஸ்பேட்டை, புதுச்சேரி: சார், புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்குக்கும் இடைநிலை போட்டு வைத்திருக்கிறேன். நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் யூனியன் பிரதேசத்துக்கு வந்துவிடும் இல்லையா?

வராது. 2011-இல் புதுச்சேரி மாவட்டத்தில் 9,50,289 பேர், மாகேயில் 41,816 பேர். நான்கால் வகுத்தால் கேரளத்துக்குள் இருக்கிற அந்தச் சின்னப் பகுதிக்கும் கால் பங்கு கொடுத்துவிடுகிறீர்கள். மக்கள்தொகையால் எடை போட்டுச் சேர்த்தாலும் இடைநிலைக்குச் சரிவராது, சராசரிக்கு மட்டும்தான் அந்த வழி பலிக்கும். நான்கு பகுதிகளின் வரிசைகளைக் கலைத்து ஒரே வரிசையாக நிற்க வைத்தால் நடுவில் யார் வருவார் என்பது, நான்கு நடு ஆட்களை மட்டும் பார்த்தால் தெரியாது. நான்கு அட்டவணைகளையும் வரிக்கு வரி கூட்டுங்கள், மொத்தம் 12,47,953 வருகிறதா என்று சரிபாருங்கள், பிறகு புதிதாக இடைநிலை எடுங்கள். ஆண், பெண் இரண்டையும் சேர்க்கும்போதும் இதேதான்.

சென்னையிலிருந்து: 2011 இடைநிலையோடு பதினைந்தைக் கூட்டினால் இன்றைய இடைநிலை கிடைக்குமா?

கிடைக்காது. எல்லோருக்கும் வயது கூடுகிறது, ஆனால் கீழே புதிதாகக் குழந்தைகள் சேர்கிறார்கள், மேலே பெரியவர்கள் இறக்கிறார்கள். வேலைக்காக வந்துபோகிறவர்கள் வேறு. இடைநிலை ஏறியிருக்கும், பதினைந்துக்கு வெகு கீழேதான் ஏறியிருக்கும்.

காட்டுமன்னார்கோவில் பக்கம்: அய்யா, எங்கள் ஊரில் பையன்கள் பாதிப் பேர் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறார்கள். வீட்டில் கிழவர்களும் குழந்தைகளும்தான். எங்கள் ஊருக்கு மட்டும் இடைநிலை எடுத்தால் மாவட்டத்தை விடக் கூடுதலாக வருமா, குறைவாக வருமா?

இதை உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்ல முடியாது. கணக்கெடுப்புக் காலம் முழுக்க வெளிநாட்டில் இருந்தவர்களை உங்கள் ஊரில் எண்ணியிருக்க மாட்டார்கள். நடுவிலிருந்து ஆட்களை எடுத்துவிட்டால் இடைநிலை எந்தப் பக்கம் நகரும் என்பது மிச்சமிருப்பவர்களில் குழந்தைகள் அதிகமா, பெரியவர்கள் அதிகமா என்பதைப் பொறுத்தது. நடுவில் ஆட்கள் அரிதாக இருப்பதால் கொஞ்சம் மாற்றம் வந்தாலும் எண் பெரிதாகத் தாவும். சிதம்பரத்தில் இதற்கு நேர்மாறு, பல்கலைக்கழக விடுதி மாணவர்கள் 15-24 குழுக்களைப் பெருக்கிக் காட்டுவார்கள்.

கிராம அளவில் வெளியாவதில் 0-6 வயதுக் குழந்தைகளின் எண்ணிக்கை மட்டும்தான் தனியாக வரும், முழு வயதுப் பிரிவு கிடைக்காது. வாக்காளர் பட்டியலை வைத்துப் போட்டுவிடலாம் என்று சிலர் கிளம்புவார்கள். அதில் 18-க்குக் கீழே யாருமில்லை, வெளியூர் போனவர் பெயரும் இருக்கும், வருகிற எண் பத்து வருடத்துக்கும் மேல் அதிகமாக வரலாம். நீங்களே வீடு வீடாகப் போகத் தயார் என்றால், வயதுக்கு ஒரு பத்தியும் இப்போது ஊரில் இருக்கிறாரா என்பதற்கு ஒரு பத்தியும் போடுங்கள். பையன்களைச் சேர்த்து ஒரு முறை, விட்டுவிட்டு ஒரு முறை என்று இரண்டு இடைநிலையும் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்க்க ஆசையாக இருக்கிறது.