ஒவ்வாமை வரியில் ‘நட்ஸ்’ என்று போட்டால் போதுமா?

ஜெர்மன் பிஸ்கட் இறக்குமதி செய்கிறோம். ஆங்கில ஸ்டிக்கரோடு தமிழ்த் துண்டும் வைக்கிறோம். “நட்ஸ் உள்ளது” என்று எழுதினால் போதுமா?

போதாது. ஐரோப்பிய விதியில் ‘ஷாலன்ஃப்ரூஷ்டே’ என்ற ஜெர்மன் சொல் பாதாம், ஹேசல்நட், முந்திரி முதலிய மரக்கொட்டைகளைக் குறிக்கும். நிலக்கடலை அதில் சேராது, அதற்குத் தனிப் பெயர் உண்டு. ‘நட்ஸ்’ என்றால் நம்மவர்கள் வேர்க்கடலையையும் சேர்த்தே நினைப்பார்கள் என்பதால், மூலத்தில் ஹேசல்நட் என்றிருந்தால் அதையே எழுதுங்கள். மரக்கொட்டை என்று மட்டும் இருந்தால் நீங்களாக ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

‘வைட்ஸன்மேல்’ என்பதை ‘மைதா’ என்று மாற்றுவது இயல்பாகத் தோன்றினாலும், அது ஒவ்வாமைக்காரர் தேடும் ‘கோதுமை’ என்ற சொல்லையே மறைத்துவிடும். ‘கோதுமை மாவு’ என்றே இருக்கட்டும். அதேபோல ‘சிறிதளவு கலந்திருக்கலாம்’ என்ற எச்சரிக்கையை ‘உள்ளது’ என்றோ, ‘உள்ளது’ என்பதை ‘கலந்திருக்கலாம்’ என்றோ மாற்றக் கூடாது. ‘கலந்திருக்கலாம்’ என்பது உற்பத்திக் கூடத்தில் நேரக்கூடிய கலப்பு, ‘உள்ளது’ என்பது சேர்மானம்.

ஊட்டச்சத்து அட்டவணையில் ஒரு பொறி உண்டு. ஐரோப்பிய லேபிளில் உப்பு கிராமில் இருக்கும், இந்திய லேபிளில் சோடியம் மில்லிகிராமில் கேட்கப்படும், உப்பை 2.5ஆல் வகுத்தால் சோடியம் கிடைப்பதால், 100 கிராமுக்கு 0.5 கிராம் உப்பு என்பது 200 மில்லிகிராம் சோடியம். பெயரை மட்டும் மாற்றி 0.5 என்ற எண்ணை அப்படியே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.